இண்டக்‌ஷன் அடுப்பில் இரும்புக்கல்: முதல் தோசை ஒட்டுகிறது, மூன்றாவது சுருள்கிறது

பொங்கோல் புதுக்குடித்தனம்

ஊரில் கேஸ் அடுப்பில் தோசை சுட்டுப் பழகியவள் நான். இங்கே சிங்கப்பூரில் வாடகைக்கு வந்த வீவக வீட்டில் இண்டக்‌ஷன் மட்டும்தான் இருக்கிறது. தேக்காவில் 12 அங்குல இரும்புக்கல் ஒன்று வாங்கி, எண்ணெய் தடவிச் சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி தடவி நன்றாகப் பழக்கிவிட்டேன். கல் கறுத்துப் பளபளப்பாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் முதல் தோசை ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது அருமையாக வருகிறது. மூன்றாவதில் கரண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மாவு கரண்டியோடு சுருண்டு வந்துவிடுகிறது. ஓரம் எப்போதுமே வெளுப்பு. மாவு அதேதான், கல்லும் அதேதான். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

உட்லண்ட்ஸ் அத்தை

எண்ணெய் போதவில்லை, அம்மா. மாவு ஊற்றுவதற்கு முன் ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிப் பரப்பிவிடு. அப்புறம் பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி ஒவ்வொரு தோசைக்கும் தேய். என் வீட்டில் எத்தனையோ வருஷமாக இப்படித்தான். ஒட்டாது.

ஜூரோங் மேற்கு

மாவு புளித்துப் போயிருக்கும். நமக்கும் அதே கதைதான். ஊரில் மார்கழியில் இரவு முழுக்க வைத்தாலும் பொங்காது. இங்கே எந்த மாதமானாலும் சூடுதான். ராத்திரி வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் பாத்திரம் வழிந்து கிடக்கும். அந்த மாவில் என்ன செய்தாலும் தோசை சிவக்காது. நான் இப்போது மாலையில் அரைத்து, படுக்கப் போகும்முன் பாதி பொங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன்.

கல்லடியில் நின்றவன்

தங்கச்சி, நான் இங்கே ஒரு காப்பிக்கடையில் தோசைக்கல் முன்னால் பல வருஷம் நின்றவன். ஜூரோங் மேற்கு சொல்வது உண்மை. ரொம்பப் புளித்த மாவு வெளுத்துத்தான் வரும். ஆனால் உங்கள் விஷயம் அது இல்லை. ஒரே மாவில் இரண்டாவது நன்றாக வந்து மூன்றாவது சுருள்கிறது என்றால் குற்றம் மாவில் இல்லை, கல்லின் சூட்டில்தான்.

முதல் தோசைக்குக் கல் போதுமான அளவு காயவில்லை. மாவு சட்டென்று வெந்து ஒரு தோல் கட்டினால்தான் கல்லை விட்டுப் பிரியும். கல் குளிர்ந்திருந்தால் ஈரமாகவே கிடந்து கல்லைப் பிடித்துக்கொள்ளும். அப்போது மாவு சத்தமில்லாமல் வழுவழுவென்று பரவும், கண் விழாது. பார்ப்பதற்கு நன்றாகப் பரவியது போலவே இருக்கும். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

மூன்றாவதில் நேர் எதிர். கல் அதிகமாகக் காய்ந்துவிட்டது. ஊற்றிய இடத்திலேயே அடிமாவு வெந்துவிடும். மேலே இருக்கும் பச்சை மாவோடு கரண்டி அதையும் இழுக்கும். அதுதான் சுருள்வது.

அத்தை சொன்னதில் பாதி சரி. எண்ணெய் வேண்டும், ஆனால் பரப்புவதற்கு முன்னால் ஊற்றக் கூடாது. கல்லில் எண்ணெய் நின்றால் மாவுக்குப் பிடிமானம் இருக்காது, வழுக்கிக்கொண்டு கரண்டி பின்னாலேயே வரும். முன்னால் ஒரு துணியால் தடவித் துடைத்த மினுமினுப்பு மட்டும் போதும். எண்ணெய் ஊற்றுவது மாவின் ஈரப் பளபளப்பு அடங்கிய பிறகு, ஓரத்தைச் சுற்றி அரைக் கரண்டி, நடுவில் இரண்டு சொட்டு. மொறுமொறுப்பு அந்த எண்ணெயில்தான் வருகிறது.

இண்டக்‌ஷனில் இன்னொரு சங்கதி உண்டு. வாட்டைக் குறைத்தவுடன் அடுப்பு அடங்கிவிடும். கல் அடங்காது. கனமான இரும்பு வாங்கிய சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் பொத்தானைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். நாலு சொட்டுத் தெளியுங்கள். மெதுவாக ஆவியாகிக் கிடந்தால் இன்னும் காயவேண்டும். முத்து முத்தாக உருண்டு ஓடினால் அதிகம். சுர்ரென்று பொரிந்து ஒரு மூச்சில் காணாமல் போனால் அதுதான் பதம்.

ஒவ்வொரு தோசை எடுத்ததும் அடுப்பைக் குறைத்து, ஒரு கை தண்ணீர் தெளித்து, துணியால் துடைத்து, உடனே ஊற்றிப் பரப்பி, அதன் பிறகு அடுப்பைக் கூட்டுங்கள். குறைத்துப் பரப்பணும், கூட்டிச் சுடணும்.

செங்காங்

அண்ணே, நான் நான்ஸ்டிக் வைத்திருக்கிறேன். அதிலும் இப்படித் தண்ணீர் தெளிக்கலாமா?

கல்லடியில் நின்றவன்

வேண்டாம். சூட்டோடு குளிர்ந்த தண்ணீர் பட்டால் மெல்லிய தவா வளைந்துவிடும், பூச்சும் கெடும். ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து ஒரு ஒற்று ஒற்றுங்கள், இல்லையென்றால் அடுப்பிலிருந்து கொஞ்ச நேரம் இறக்கி வையுங்கள். வார்ப்பிரும்புக் கல்லானாலும் தெளிக்கத்தான் வேண்டும், கொட்டக் கூடாது. விரிசல் விடும்.

பொங்கோல் புதுக்குடித்தனம்

அண்ணே சொன்னபடி இன்று காலை சுட்டேன். வழக்கமாக எடுத்தவுடன் 1800 வாட்டில் வைப்பேன். இன்று 800-இல் வைத்து, சட்னி அரைத்து முடிக்கும் வரைக்கும் கல்லைத் தொடவில்லை. பத்து நிமிடம் இருக்கும். தண்ணீர் தெளித்தேன், சுர்ரென்றது. துடைத்துவிட்டு ஊற்றினேன். பரப்பும்போதே குட்டிக் குட்டியாகக் கண் விழுந்தது. பிறகு 1400. ஓரத்தில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். நடுப்பாகம் சிவந்து, அடியில் திருப்பியை விட்டதும் தானாகவே கழன்று வந்தது. திருப்பிப் போடவே இல்லை. முதல் தோசை!

இரண்டாவதுக்கு 800-க்கு இறக்கித் தெளித்தேன். தண்ணீர் உருண்டு ஓடியது. இன்னொரு கை தெளித்து, பொரியும் பதம் வந்த பிறகுதான் ஊற்றினேன். மாவையும் முன்னதாகவே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்திருந்தேன். அதற்கு அப்புறம் ஒன்றுகூடச் சுருளவில்லை.

ஓரம் மட்டும் இன்னும் வெளுப்பு. நடுவில் ஒரு வட்டம் நன்றாகச் சிவக்கிறது, அதைத் தாண்டி மூன்று விரல் அகலத்துக்கு மெத்தென்றே இருக்கிறது, அங்கேதான் லேசாக ஒட்டவும் செய்கிறது.

கல்லடியில் நின்றவன்

அடுப்புக் கண்ணாடியில் வரைந்திருக்கும் வட்டத்தை அளந்து பாருங்கள்.

பொங்கோல் புதுக்குடித்தனம்

7 அங்குலம்.

கல்லடியில் நின்றவன்

அப்படியானால் அந்த 7 அங்குலம்தான் நேராகக் காய்கிறது. மீதி இரும்புக்குச் சூடு மெதுவாக நகர்ந்து போய்ச் சேரவேண்டும். கல்லைக் காயவைக்கும்போது நடுவில் பாதி நேரம், அப்புறம் இரண்டு அங்குலம் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நகர்த்தி வையுங்கள். இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள், கண்ணாடி கீறிவிடும். இது ஓரளவுக்குத்தான் உதவும். 12 அங்குலம் முழுக்க ஒரே சிவப்பு இந்த அடுப்பில் வரும் என்று நான் சொல்லமாட்டேன். 9 அங்குலத்தோடு பரப்புவதை நிறுத்திக்கொண்டால் தோசை ஒழுங்காக வரும்.

உட்லண்ட்ஸ் அத்தை

எல்லாம் சரி தம்பி, வெங்காயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? நான் தேய்க்காமல் சுட்டால் இரண்டாவதே பிடித்துக்கொள்கிறது.

கல்லடியில் நின்றவன்

வெங்காயத்தின் ஈரம் கல்லைக் கொஞ்சம் ஆற்றுகிறது, எண்ணெயை மெல்லிசாகப் பரப்புகிறது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். தண்ணீரும் துணியும் அதே வேலையைச் செய்யும்.

உட்லண்ட்ஸ் அத்தை

நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வெங்காயம் தேய்த்த கல்லே தனி.

ஜூரோங் மேற்கு

தங்கச்சி, அந்தக் கல்லில் சப்பாத்தியும் சுடுகிறீர்களா? நான் ஒரே கல்லில் இரண்டும் சுட்டதிலிருந்து தோசை ஒட்ட ஆரம்பித்தது. காய்ந்த மாவு கருகி, பழக்கின எண்ணெய்ப் படலம் போய்விட்டது. திரும்பப் பழக்க வேண்டியதாயிற்று.

பொங்கோல் புதுக்குடித்தனம்

சப்பாத்திக்கு வேறு தவா இருக்கிறது. நாளைக்குக் கல்லை நகர்த்தி வைத்து ஒரு தடவையும், 9 அங்குலத்தோடு நிறுத்தி ஒரு தடவையும் சுட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அத்தைக்காக ஒன்று வெங்காயம் தேய்த்து.