தூரம் கூடினால் டிரா வேலை செய்யவில்லை, உதவுங்கள்

ஆறு மாதமாக கோவையில் ஒரு கிளப்பில், 8 அடி டேபிளில் பூல் ஆடுகிறேன். கியூவின் டிப் 13 மி.மீ. நேர் ஷாட்டில் இரண்டு பந்துகளுக்கும் இடையே 2 அடி இருந்தால் வெள்ளைப் பந்து அழகாகப் பின்னால் வருகிறது. 4 அடி என்றால் மோதிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. 5 அடியில் ஃபாலோ அடித்தது போல முன்னால் உருள்கிறது.

துணியின் உராய்வு போகும் வழியிலேயே பின்சுழற்சியைத் தின்றுவிடுகிறது என்பது புரிகிறது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் சாக் போட்டேன், பிரிட்ஜ் கையைத் தாழ்த்தினேன், வேகத்தையும் கூட்டினேன். பலனில்லை.

அப்புறம் கோடு போட்ட பந்தை வெள்ளைப் பந்தாக வைத்து, கோட்டைக் கிடைமட்டமாகத் திருப்பி அடித்துப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே குறிவைத்தும், சாக் தடம் கோட்டின் மேலேயே, சற்று வலப்பக்கமாக விழுந்திருந்தது. அந்த வலப்பக்கச் சுழற்சியால்தான், கிட்ட இருந்து அடிக்கும்போது பின்னால் வரும் பந்து என் பக்கத்துக் குஷனில் பட்டதும் இடப்பக்கம் விலகுகிறது போல.

அடிக்கும் கணத்தில் என் முழங்கை இறங்கி டிப் மேலே ஏறுகிறதா, அல்லது பிரிட்ஜில் கோளாறா: இதை எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது?