சம்பளம் கூட்டிக் கேட்டு எழுதிய மெயில்: உங்களுக்கு நடந்ததைப் பகிருங்கள்

சிட்லபாக்கம் அண்ணன்

தங்கைக்குப் போன மாதம் நடந்தது. டெஸ்டிங்கில் ஆறு வருட அனுபவம், இப்போது வாங்குவது 11.5 லட்சம், வேரியபிள் எதுவும் இல்லை. புதுக் கம்பெனி ஆஃபரில் சி.டி.சி. 14 லட்சம் என்றதும் வீட்டில் ஒரே சந்தோஷம். இணைப்பைத் திறந்து பார்த்தால் அதில் 1.4 லட்சம் வேரியபிள். நிச்சயமாக வரும் பணம் 12.6 லட்சம்தான். 22 சதவீதம் கூடுகிறது என்று நினைத்தது பத்துக்கும் கீழே போய்விட்டது.

கோபத்தில் அவள் எழுதியது இதுதான். மெயில் ஆங்கிலத்தில் போனது, சாரத்தை மட்டும் தருகிறேன்: "இந்தச் சம்பளம் என் அனுபவத்துக்குக் குறைவு. வெளியில் இதைவிட அதிகம் தருகிறார்கள். குறைந்தது 15 வேண்டும், இல்லையென்றால் நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

அனுப்பும் முன் வாங்கிப் படித்தேன். 15 என்பது சி.டி.சி.யா, ஃபிக்ஸடா என்றே அதில் இல்லை. எதற்காகக் கேட்கிறாள் என்பதும் இல்லை. இருவருமாக உட்கார்ந்து இப்படி மாற்றினோம்:

"ஆஃபருக்கு மிக்க நன்றி. பேமென்ட்ஸ் டீமின் ஆட்டோமேஷன் வேலையை மேலாளர் விளக்கியதிலிருந்து இந்த வேலையில் சேரும் ஆர்வம் கூடியிருக்கிறது.

சம்பளப் பிரிவில் ஒன்றை மட்டும் மறுபரிசீலனை செய்யக் கேட்டுக்கொள்கிறேன். என் தற்போதைய 11.5 லட்சம் முழுவதும் ஃபிக்ஸட். இந்த ஆஃபரில் ஃபிக்ஸட் 12.6 லட்சம். ஏபிஐ டெஸ்டிங் ஃபிரேம்வொர்க்கைத் தொடக்கத்திலிருந்து உருவாக்கிய அனுபவத்தையும் கணக்கில் கொண்டு, ஃபிக்ஸட் தொகையை 14 லட்சமாக உயர்த்த முடியுமா? மற்ற விதிமுறைகள் எல்லாம் எனக்குச் சம்மதம்.

இது உறுதியானால், திருத்திய லெட்டர் வந்த அன்றே கையெழுத்திட்டு ராஜினாமா கொடுத்துவிடுவேன். நோட்டீஸ் காலம் 60 நாள்."

"இவ்வளவு நன்றி எதுக்குண்ணா, கெஞ்சுற மாதிரி இருக்கு" என்றாள். முதல் பத்தியில் மட்டும் இருக்கட்டும், கேட்கிற இடத்தில் வேண்டாம் என்று சொல்லி அனுப்ப வைத்தேன்.

மறுநாள் மாலை எச்.ஆர். போன். ஸ்பீக்கரில் போட்டாள். குரல் ரொம்ப நட்பாக இருந்தது. "மெயில் தெளிவா இருந்துச்சு, அப்படியே மேல ஃபார்வர்ட் பண்ணிட்டேன். 14 கஷ்டம். குறைஞ்சபட்சம் எவ்வளவுன்னா சேருவீங்க?" நான் கையை ஆட்டித் தடுப்பதற்குள் இவள் "13.2" என்றுவிட்டாள். அரை மணி நேரத்தில் 13.2 ஃபிக்ஸட், அதற்கு மேல் வேரியபிள் என்று திருத்திய லெட்டர் வந்தது. அவளுக்குத் திருப்தி. எனக்குத்தான் அந்த ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஓஎம்ஆர்வாசி

அண்ணே, அந்த முதல் பத்தியே தேவையில்லை. நன்றி, ஆர்வம் என்று எழுதினாலே இவர் எப்படியும் வந்துவிடுவார் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நான் எப்போதும் இரண்டே வரி: இருப்பதற்கு மேல் 30 சதவீதம், கையில் வேறு ஆஃபர் இருக்கிறது. போன தடவை கேட்டது கிடைத்தது.

அப்புறம், நீங்கள் கிராஜுவிட்டியைக் கழிக்கவே இல்லை. பேசிக்கில் 4.81 சதவீதத்தை சி.டி.சி.க்குள் போட்டுவிடுவார்கள். ஐந்து வருடம் இருந்தால்தான் அது கைக்கு வரும். அதையும் கழித்தால் உங்கள் தங்கைக்கு இன்னும் நஷ்டம்.

முன்னாள் எச்.ஆர்.

ஓஎம்ஆர்வாசி சொல்வது பாதி சரி. கிராஜுவிட்டி சி.டி.சி.க்குள் இருப்பது உண்மைதான். ஆனால் பழைய கம்பெனியும் அதை 11.5-க்குள் சேர்த்திருந்தால் இரண்டு பக்கமும் கழிந்துபோகும். ஒரு பக்கம் மட்டும் சேர்த்திருந்தால்தான் கணக்கு மாறும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நன்றி விஷயத்தில் நான் அண்ணன் பக்கம். ஆஃபர் போட்ட எச்.ஆரிடம் பெரும்பாலும் தொகையைக் கூட்டும் அதிகாரம் இருக்காது. மேலாளரிடமும் நிதிப் பிரிவிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும். அப்போது நீங்கள் எழுதியதைத்தான் கீழே ஒட்டி அனுப்புவோம். "வெளியில் அதிகம் தருகிறார்கள்" என்ற மெயிலை வைத்து நான் என்ன வாதாட முடியும்? 11.5 முழுக்க ஃபிக்ஸட், ஆஃபரில் 12.6 என்ற வரி இருந்தால், பார்ப்பவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். மேலாளர் பெயர் சொல்லி ஆர்வம் காட்டியிருந்தால் அவரே நமக்காகப் பேசுவார்.

ஒரு மெயில் மட்டும் எனக்கு மறக்கவே இல்லை. பையன் ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தான். முதல் வரி, "உங்கள் ஆஃபரை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறேன்." நாலாவது பத்தியில்தான் "முடிந்தால் சம்பளத்தைச் சற்றுப் பரிசீலிக்கவும்." தொகையே இல்லை. என் மேலாளர் முதல் வரியைப் படித்துவிட்டு, ஏற்றுக்கொண்டதாகக் குறித்து மூடிவிட்டார். நான் சொல்லியும் திறக்கவில்லை. நன்றி சொல்லுங்கள், ஆர்வம் சொல்லுங்கள், ஆனால் திருத்திய லெட்டர் வரும்வரை 'ஏற்கிறேன்' என்று மட்டும் எழுதாதீர்கள்.

வேரியபிள் சதவீதம், காப்பீடு இவை பெரும்பாலும் கிரேடைப் பொறுத்தவை. ஒருவருக்காக மாற்றுவது கடினம். ஃபிக்ஸட் அந்த கிரேடின் உச்சத்தைத் தொட்டுவிட்டால், ஜாயினிங் போனஸ் கேட்கலாம். ஒருமுறைச் செலவு என்பதால் ஒப்புதல் எளிது. ஆனால் ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற விதி இருக்கும். வரி பிடித்துக் கொடுத்துவிட்டு, திருப்பிக் கேட்கும்போது முழுத் தொகையையும் கேட்கும்படி எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கோவை டெவலப்பர்

எனக்கும் இது நடந்தது. ராஜினாமா கொடுத்த அன்றே என் கம்பெனி கவுண்டர் ஆஃபர் கொடுத்தது, புதுக் கம்பெனி சொன்ன அதே தொகை. தங்கிவிட்டேன். அடுத்த அப்ரெய்சலில் "உங்களுக்குத்தான் ஏற்கனவே கூட்டியாச்சே" என்று மேலாளர் சிரித்தபடியே சொன்ன முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. தயவுசெய்து யாரும் தங்காதீர்கள்.

சிட்லபாக்கம் அண்ணன்

தம்பி, அது வேறு. இங்கே புதுக் கம்பெனியிடம் கூட்டிக் கேட்பதைப் பற்றிப் பேசுகிறோம். ஆனாலும் நீங்கள் சொன்னதைத் தங்கைக்கும் காட்டினேன், வெள்ளிக்கிழமை ராஜினாமா கொடுக்கப் போகிறாள்.

முன்னாள் எச்.ஆர்., உங்களிடம் ஒன்று கேட்கிறேன். "குறைந்தபட்சம் எவ்வளவு" என்று போனில் கேட்டால் என்னதான் சொல்வது?

முன்னாள் எச்.ஆர்.

நானும் பலரிடம் கேட்ட கேள்விதான் அது. சட்டென்று வரும் எண்ணைத்தான் எழுதிக்கொள்வோம். "மெயிலில் சொன்ன 14-ஐத்தான் எதிர்பார்க்கிறேன். அது முடியாவிட்டால் உங்களால் முடிந்த அதிகபட்சத்தை எழுதி அனுப்புங்கள், நாளைக்குள் பதில் சொல்கிறேன்" என்று சொன்னவர்களிடம், நாங்கள்தான் முதலில் எண்ணைச் சொல்ல வேண்டியிருந்தது. அது 13.2-க்கு மேலே இருந்திருக்குமா என்பது அந்தக் கம்பெனியின் கிரேடு உச்சத்தைப் பொறுத்தது. அதே 13.2-தான் உச்சமாகவும் இருந்திருக்கலாம்.

ஓஎம்ஆர்வாசி

அரை மணி நேரத்தில் லெட்டர் வந்திருக்கிறது என்றால், ஒப்புதல் அதற்கு மேலேயே கையில் இருந்திருக்கிறது. நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

முன்னாள் எச்.ஆர்.

இருக்கலாம். 13.2 வரைக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வைத்துக்கொண்டும் போன் செய்திருக்கலாம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன்.