‘மியூட்’ என்பதற்கு ஒரே சொல் போதுமா?

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:
நண்பர்களே, 74 வயதான என் தந்தையைப் போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தோம். விடியற்காலை ஐந்து மணிக்கே வணக்கப் படங்கள் வந்து குவிந்ததால், “இதற்குப் பெயர் ஒலியடக்கு” என்று சொல்லி மியூட் செய்து கொடுத்தேன். அதன்பின் இரண்டு நாள் அவர் குரல்பதிவே அனுப்பவில்லை. கேட்டால், “என் ஒலியைத்தான் அடக்கிவிட்டாயே, பேசினால் யாருக்குக் கேட்கும்?” என்கிறார். பேரனின் இணைய வகுப்பில் மியூட் என்றால் மைக்கை அணைப்பது என்று பார்த்திருக்கிறார். யாருடைய ஒலி என்று அந்தச் சொல் சொல்லவில்லையே! குழுவுக்கு ‘மணியடக்கு’, வகுப்புக்கு ‘மைக்கடக்கு’ என்று பிரிக்கலாமா?

அஸ்தம்பட்டியிலிருந்து:
‘முடக்கு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, பிரிப்பது வீண் வேலை. தவிர, மியூட் செய்தால் குழுவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொள்வார்கள்.

ஓமலூரிலிருந்து:
ஐயா, யாருக்கும் தெரியாது. மியூட் செய்யும்போது திரையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. செய்திகள் வழக்கம்போல் வந்து சேரும், சத்தம்தான் வராது. செய்தியில் யாராவது @ போட்டு அவர் பெயரைக் குறிப்பிட்டாலோ, அவர் செய்திக்குப் பதில் எழுதினாலோ அறிவிப்பு வரும். ‘முடக்கு’ என்றால் பெரியவர்களுக்கு வங்கிக் கணக்கு முடக்கம்தான் நினைவுக்கு வரும், பயந்துவிடுவார்கள். 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்று மூன்று தேர்வுகள் உண்டு. இரவு பத்துக்கு 8 மணி நேரம் வைத்தால் காலை ஆறு வரை அமைதி. ஆனால் தினமும் வைக்க வேண்டும், மறந்துவிடுவார்கள். ‘எப்போதும்’ வைத்துவிட்டு, அவசரத்துக்கு அப்படிப் பெயரைக் குறிப்பிட்டு எழுதும்படி மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். ‘மணியடக்கு’ எனக்குப் பிடிக்கிறது. ஆனால் அதிர்வும் சேர்ந்தே நிற்கிறதே, அது மணியில் அடங்குமா?

ஏற்காட்டிலிருந்து:
குரல்பதிவைப் பற்றித்தானே பேசுகிறீர்கள்? என் அம்மாவுக்கு அதுதான் பெரும்பாடு. “மைக்கை அழுத்துங்கள்” என்றேன். அழைப்புமணி போல ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மிளகு காயப்போட்ட கதையை முழுவதும் சொல்லி முடித்தார். எதுவும் பதிவாகவில்லை. பேசி முடிக்கும்வரை பிடித்திருக்க வேண்டும், விரலை எடுத்தால் அதுவரை பேசியது அனுப்பப்பட்டுவிடும். விரல் நடுங்குகிறவர்களுக்கு இது ஆகாது. மைக்கைப் பிடித்தபடியே மேலே தள்ளிவிட்டால், விரலை எடுத்தும் பேசலாம். எழுதும் பெட்டியில் ஓர் எழுத்து கிடந்தாலும் மைக் மறைந்துவிடும், அதையும் பாருங்கள். மேலே தள்ளுவதற்கு அம்மா தானே வைத்த பெயர் ‘தாழ்ப்பாள் போடுவது’.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:
நான் மணியைப் பற்றிக் கேட்டேன், உங்கள் அம்மா தாழ்ப்பாள் கொடுத்துவிட்டார்! அதை ஏற்கிறேன். இனி, குழுவில் ஒரு செய்திக்குப் பதில் எழுதுவது பற்றி. “மாம்பழம் அனுப்பட்டுமா?” என்ற அத்தைக்கு அப்பா ‘வேண்டாம்’ என்று எழுதினார். இடையில் என் தங்கை, “ஆடித் திருவிழாவுக்கு வரட்டுமா?” என்று கேட்டிருந்தாள். ‘வேண்டாம்’ அவள் கேள்விக்குக் கீழே போய் விழுந்துவிட்டது. குறிப்பிட்ட செய்தியை வலப்பக்கம் இழுத்துவிட்டு எழுத வேண்டும். இதற்குச் ‘சுட்டிப் பதில்’ என்றேன். “எதைச் சுட?” என்கிறார் அப்பா. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.