புதுப்பிப்பு: நவம்பர் வருமான வரித் தவணையில் குறைவாகக் கட்டியது

“15ஆம் திகதி 50,000 ரூபாவுக்குப் பதில் 20,000 கட்டினேன். மிச்சத்துக்கு எவ்வளவு வட்டி வரும்?” என்று கிளிநொச்சியிலிருந்து கேட்டிருந்தேன்.

மிச்சம் 30,000ஐ டிசம்பர் 2இல் கட்டிவிட்டேன். 17 நாள் தாமதம். கட்டாமல் விட்ட தொகைக்கு மட்டும், நாள் கணக்கில் வட்டி என்றார் நண்பர். விட்ட தொகைக்கு மட்டும் என்பதில் அவர் சொன்னது சரி. ஆனால் மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமே என்று திருத்தினார் வவுனியாவில் கணக்குப் பார்க்கும் அக்கா: மாதத்துக்கு 1.5 வீதம், 450 ரூபா.

எனக்கு வலித்தது அதுவல்ல. 14 நாளுக்குள், அதாவது நவம்பர் 29க்குள் கட்டாததால் 10 வீதத் தண்டம், 3,000 ரூபா. மூன்று நாள் முந்தியிருந்தால் அது வந்திராது.

பெப்ரவரி 15 தவணைக்கு வருமானத்தை எப்படி மதிப்பிடுவதென்று இன்னும் பிடிபடவில்லை.