புதுப்பிப்பு: ஜப்பானியத் தோழியிடம் குட்டிப் பதில் கேட்டது

முன்பு கேட்டது: "ஜப்பானிய மொழியை இப்போதுதான் தொடங்கினேன். பேசிப் பழகும் தோழி பத்தி பத்தியாகப் பதில் அனுப்புகிறார், பாதியிலேயே தலை சுற்றுகிறது. மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?"

'யுக்குரி' (மெதுவாக) என்று கேட்கச் சொன்ன தம்பி பாதி சரி. மெதுவாகத்தான் பேசினார், நீளம் குறையவில்லை. தமிழைப் போலவே வினை கடைசியில் வருவதால், போனாரா போகவில்லையா என்பதற்கு முடிவுவரை காத்திருக்க வேண்டும். களைப்பே அதில்தான்.

ஒசாகாவில் வேலை பார்க்கும் அண்ணன் சொன்ன "மிஜிகாய் புன் தே ஒனெகாய்ஷிமாஸ்", அதாவது சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள், உடனே பலித்தது. தோழி சிரித்தாரே தவிர வருத்தப்படவில்லை. கூடவே கேள்வியையும் மாற்றினேன். வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்றால் கதை வரும். "பஸ் தேசு கா, தென்ஷா தேசு கா" என்றால் "தென்ஷா தே இகிமாஷ்தா", ரயிலில் போனேன், அவ்வளவுதான்.

ஒரு சிக்கல். சுருக்கினால் பேச்சுவழக்கு வந்துவிடுகிறது. ராமென் சாப்பிட்டேன் என்பதற்கு "ராமென் தபேத்தா" என்று வந்தது, நம் 'ஐ' போல நடுவில் வரவேண்டிய 'ஓ' உருபைக் காணோம். 'தேசு, மாஸ்' என்று முடியும் மரியாதை நடையில் கேட்டபின் "ராமென் ஓ தபேமாஷ்தா" என்று முழுதாக எழுதுகிறார்.

மாமியாரின் மலையாள வாய்ஸ் மெசேஜுக்கும் இப்படிச் சுருக்கிக் கேட்கலாமா என்ற அக்கா, அங்கே இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்! நீளமான பதிலுக்கு எப்போது திரும்புவது? அதில் அண்ணனுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.