புதுப்பிப்பு: பூட்டிய கேட்டும் பக்கத்து மனைப் பாதையும்

நான் முன்பு இங்கே கேட்டது: "பக்கத்து மனை வழியாகத்தான் பின்சந்துக்குப் போவோம். புதிதாக வாங்கியவர் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். 30 வருடம் நடந்த பாதை, உரிமை இல்லையா?"

20 வருடம் நடந்தாலே போதும் என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். இங்கிலாந்தில் அப்படி உண்டு. சிங்கப்பூரில் பதிவான நிலத்தில், நடந்ததால் மட்டும் வழியுரிமை பிறக்காது என்றார் எங்கள் வக்கீல். நிலம் பதிவுக்குள் வருமுன்பே இருந்த உரிமை என்றால் வேறு கதை.

சிங்கப்பூர் நில ஆணையத்தின் INLIS தளத்தில் பக்கத்து மனையின் நிலப் பதிவையும் எடுக்கச் சொன்னார். நல்லவேளை! எங்கள் பதிவில் ஒன்றும் இல்லை, பக்கத்து மனையின் பதிவில் இருந்தது: மனை பிரித்தபோது எங்களுக்காக எழுதிய 1.5 மீட்டர் பாதை, நடந்து போக மட்டும். அம்மா அழுதே விட்டார்.



அப்புறம், கேட் போட்டது தவறில்லையாம், சாவி தராமல் பூட்டியதுதான் தவறு. இப்போது சாவி தருகிறேன் என்கிறார். மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாமா என்பதில்தான் இன்னும் இழுபறி.