கீழக்கரையில் தினம் 12 கிலோமீட்டர்: பெட்ரோலா, டீசலா?

நடுத்தெரு வாசி:
வீட்டிலிருந்து கடை 3 கிலோமீட்டர். காலையில் போவேன், மதியம் சாப்பிட வருவேன், மறுபடி போய் இரவு திரும்புவேன். நாளைக்கு 12 ஆகிறது. மதுரைக்கு வருஷத்தில் இரண்டு மூன்று தடவை. ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக்கும் ஒரு டீசல் காம்பாக்டும் பார்த்து வைத்திருக்கிறேன். ஆன்ரோடு விலையில் இரண்டரை லட்சம் வித்தியாசம். எதை எடுக்கலாம்?

வேதாளை டீசல்:
யோசிக்கவே வேண்டாம் காக்கா, டீசல்தான். இழுவை, மைலேஜ் இரண்டும் அதில்தான் இருக்கிறது. புகையில் வரும் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் அடைக்கும் என்று யாராவது பயம் காட்ட வருவார்கள், கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஏர்வாடி வரை ஒரு ஓட்டம் விட்டால் கரி எல்லாம் எரிந்து போய்விடும். நான் இரண்டு வருஷமாக வாரம் ஒரு தடவை பாம்பன் பாலம் வரை போய் வருகிறேன். இன்றுவரை ஒரு விளக்கும் எரிந்ததில்லை.

பதினாலாம் ஸ்பேனர்:
இந்த "ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்" பேச்சைக் கேட்டு ராமநாதபுரத்தில் எத்தனை பேர் ஒர்க்ஷாப் வாசலில் நின்றிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். 11 வருஷம் அங்கே வேலை பார்த்திருக்கிறேன். கீழக்கரையிலிருந்து ஏர்வாடி 10 கிலோமீட்டர். நின்று குளிர்ந்த டீசல் இன்ஜினில் தண்ணீர் சூடாகவே நாலைந்து கிலோமீட்டர் ஆகும், ஆயில் சூடாக அதற்கும் மேலே. ஃபில்டரில் சேர்ந்த கரி எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டை உண்டாக்க இன்ஜின் கூடுதலாக டீசலைத் தெளிக்கிறது. அது 15, 20 நிமிஷம் நிற்காமல் நடக்க வேண்டும். நீங்கள் சூடாகி முடிப்பதற்குள் ஏர்வாடி வந்துவிடும்.

இன்னொன்று. எரிக்கும் நேரத்தை முடிவு செய்வது வண்டியின் கம்ப்யூட்டர், நீங்கள் இல்லை. கரி ஒரு அளவைத் தாண்டினால்தான் அது தொடங்கும். அது புதன்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வரும் 3 கிலோமீட்டரில் தொடங்கும். வீட்டு வாசலில் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவீர்கள். பாதியில் நின்றுபோகும்.

வேதாளை டீசல்:
பாதியில் நின்றால் என்ன? ஞாயிற்றுக்கிழமை ஓட்டும்போது மீதி எரியும். அதைத்தானே நானும் சொன்னேன்! ஒர்க்ஷாப்காரர்களுக்கு வேலை வேண்டும், அதனால் பயம் காட்டுகிறார்கள். போன மாதம் டயரில் நைட்ரஜன் அடிப்பது பற்றி நான் எழுதியபோதும் இப்படித்தான் குறுக்கே வந்தீர்கள்.

பாம்பன் விசைப்படகு:
எங்கள் படகு இன்ஜினும் டீசல்தான். இருபது வருஷம் ஆச்சு, எந்த ஃபில்டரும் அடைக்கவில்லை. டீசலைப் பற்றித் தெரியாதவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள்.

பதினாலாம் ஸ்பேனர்:
அண்ணே, உங்கள் படகில் அந்தப் புகை ஃபில்டரே கிடையாது. கரி நேராக வெளியே போகிறது, கரையில் நிற்பவர்களுக்கே தெரியும். அது போக, ஒரு தடவை ஸ்டார்ட் செய்தால் மணிக்கணக்கில் ஓடுகிற இன்ஜின். இவர் கேட்பது பத்து நிமிஷம் ஓடி நிற்கிற வண்டி, அதுவும் ஒரே நாளில் நாலு தடவை.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தது. அதற்கு முந்தைய சின்ன டீசல் கார்களில் பெரும்பாலும் இந்த ஃபில்டர் இல்லை. அந்தக் காலத்து அனுபவத்தை வைத்து இன்றைக்கு வாங்குகிறவருக்கு யோசனை சொல்லக் கூடாது. மாருதி அந்த ஏப்ரலோடு டீசல் கார் விற்பதையே நிறுத்திவிட்டது.

தங்கச்சிமடம் டாக்ஸி:
நான் டீசல் வண்டிதான் ஓட்டுகிறேன். ராமேஸ்வரம், தனுஷ்கோடி, மதுரை என்று மாதம் 4,000 கிலோமீட்டருக்குக் குறையாது. ஃபில்டர் விளக்கு எனக்கு வந்ததே இல்லை. டீசல் எடுங்கள், வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும்.

தொண்டி டீச்சர்:
தம்பி, அவர் மாதம் 300 கிலோமீட்டர்தான் ஓட்டுவார். நீங்கள் இரண்டு நாளில் ஓட்டுவதை அவர் ஒரு மாதத்தில் ஓட்டுகிறார். கேள்வியைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது பெட்ரோல். பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டர். பெட்ரோல் எடுத்தால் கவலையே இல்லை என்று நினைத்துதான் வாங்கினேன். ஆனால் இரண்டு முறை பேட்டரி இறங்கிவிட்டது. மூன்றாம் வருஷமே சைலன்சர் ஓட்டை விழுந்தது. உப்புக் காற்றுதான் காரணம் என்றார்கள்.

பதினாலாம் ஸ்பேனர்:
உப்புக் காற்று வெளியிலிருந்து தின்னும், உண்மைதான் டீச்சர். ஆனால் உங்கள் சைலன்சர் உள்ளிருந்தும் துருப்பிடித்திருக்கும். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. வண்டி நன்றாகச் சூடானால் அது ஆவியாகி வெளியே போய்விடும். 2 கிலோமீட்டரில் சூடாகாது, தண்ணீர் சைலன்சருக்குள்ளேயே தேங்கும். பேட்டரியும் அப்படித்தான். ஸ்டார்ட் செய்ய எடுத்த கரண்டைத் திரும்ப ஏற்ற அந்தத் தூரம் போதாது. பத்து நாளைக்கு ஒரு தடவை அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஆயிலைக் கிலோமீட்டர் பார்த்து மாற்றாமல் வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் மாற்றுங்கள்.

வேதாளை டீசல்:
பார்த்தீர்களா! பெட்ரோலுக்கு மட்டும் அரை மணி ஓட்டம் வேலை செய்யுமாம். டீசலுக்கு நான் சொன்னால் மட்டும் தப்பாம். இதுதான் உங்கள் நியாயமா?

பதினாலாம் ஸ்பேனர்:
வித்தியாசம் இருக்கிறது. டீச்சர் ஓட்டத் தவறினால் பேட்டரி இறங்கும், சில ஆயிரத்தோடு முடியும். டீசலில் நீங்கள் தவறினால் முதலில் மஞ்சள் விளக்கு. அப்போதே முக்கால் மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். கண்டுகொள்ளாமல் விட்டால் இன்ஜின் இழுவையைக் குறைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் மாட்டி, நின்ற இடத்திலேயே எரிக்க வேண்டும். அதுவும் முடியாமல் ஃபில்டரை மாற்றும் நிலை வந்தால் லட்ச ரூபாய்ப் பேச்சு.

ஓட்டம் அறவே வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. ஏர்வாடி ஓட்டம் போதாது என்கிறேன். ராமநாதபுரம் போய்த் திரும்பினால் 35 கிலோமீட்டர், அது கொஞ்சம் உதவும். ஆனால் அதற்கும் கணக்கு இருக்கிறது. நாளைக்கு 12 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள் என்றால் 3,600. இப்படி அடிக்கடி நின்று கிளம்பும் ஓட்டத்தில் பெட்ரோல் 15 கொடுத்தால் 240 லிட்டர், டீசல் 18 கொடுத்தால் 200 லிட்டர். பெட்ரோல் 102, டீசல் 93 என்று வைத்தால் 24,480-ம் 18,600-ம். வருஷத்துக்கு மிச்சம் 5,880 ரூபாய்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தைச் சேருங்கள். 52 வாரம், 35 கிலோமீட்டர், லிட்டருக்கு 20 என்றே வைத்துக்கொள்வோம். 91 லிட்டர். 8,400 ரூபாய்க்கு மேல். மிச்சம் பிடித்ததை விட ஃபில்டரைக் காப்பாற்ற ஊற்றியது அதிகம். இரண்டரை லட்ச வித்தியாசத்தை எப்போது எடுப்பார்?

வேதாளை டீசல்:
ஞாயிற்றுக்கிழமை சரக்கு எடுக்க ராமநாதபுரம் போவார். சும்மாவா போகப் போகிறார்? அந்தச் செலவை எதற்குத் தனியாகக் கூட்டுகிறீர்கள்?

நடுத்தெரு வாசி:
சரக்கு எல்லாம் லாரியில் கடைக்கே வந்துவிடும். ஞாயிறு கடையும் திறந்திருக்கும்.

பாம்பன் விசைப்படகு:
டீசல் கார் பத்து வருஷத்தில் செல்லாமல் போய்விடும் என்று சொல்கிறார்களே, அது என்ன?

பதினாலாம் ஸ்பேனர்:
அது டெல்லிப் பக்கத்து விதி அண்ணே. நம் ஊரில் 15 வருஷப் பதிவு, அதற்கு மேல் எஃப்சி எடுத்துப் புதுப்பிக்கலாம். டீசலுக்கு எதிராகக் கிடைத்ததை எல்லாம் எடுத்து வீச நான் வரவில்லை. மாதம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ஓடுகிறவர் கேட்டால் நானே டீசல் என்பேன்.

தங்கச்சிமடம் டாக்ஸி:
அதைத்தானே நானும் சொன்னேன்.

வேதாளை டீசல்:
எல்லோரும் ஒன்று சேர்ந்துவிட்டீர்கள், சரி. என் வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நானும் தினம் கடைத்தெருவுக்கும் ஸ்கூலுக்கும்தான் போகிறேன், பத்து கிலோமீட்டர் வராது. இரண்டு வருஷத்தில் ஃபில்டர் விளக்கு வரவில்லை. ஒரு சொட்டு ஆயில் குடித்ததில்லை. போன வாரம் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தேன், மேல் கோட்டைத் தாண்டியே நின்றது. எந்தப் பெட்ரோல் வண்டியில் இப்படி இருக்கும்?

பதினாலாம் ஸ்பேனர்:
தம்பி, கோபத்தை விட்டுவிட்டு இதைக் கவனியுங்கள். ஆயில் தானாக அதிகமாகாது. கோட்டுக்கு மேலே கூடியிருப்பது டீசலாக இருக்கலாம். கரியை எரிக்கத் தெளித்த டீசல், பாதியில் வண்டியை அணைக்கும்போதெல்லாம் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே கீழே இறங்கி ஆயிலில் கலக்கிறது. நீண்ட தூரம் ஓடினால் அந்தச் சூட்டில் கொஞ்சம் ஆவியாகும். உங்கள் ஓட்டத்தில் அது நடக்காது. ஆயில் நீர்த்துவிட்டால் டர்போ பேரிங்தான் முதலில் அடிவாங்கும். விளக்கு எரியாததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கம்பியில் இருக்கும் ஆயிலை மோந்து பாருங்கள், டீசல் வாடை அடிக்கிறதா என்று.

வண்டியை நிறுத்திய பிறகும் முன்பக்க ஃபேன் வேகமாகச் சுற்றுகிறதா? நின்றிருக்கும்போது இன்ஜின் சத்தம் வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடி, சூடான வாடை வருகிறதா? இருந்தால், நீங்கள் எரிப்பை நடுவில் அணைக்கிறீர்கள்.

வேதாளை டீசல்:
ஃபேன் சுற்றும். வெயிலுக்குச் சுற்றத்தான் செய்யும். இது மண்டபம் பக்கம், ஊட்டி இல்லை. ஆயில் சர்வீஸில் கூடுதலாக ஊற்றியிருப்பார்கள்.

தொண்டி டீச்சர்:
சர்வீஸ் எப்போது செய்தீர்கள்?

வேதாளை டீசல்:
எட்டு மாதம் ஆகிறது. அப்போது கம்பியைப் பார்க்கவில்லை. அதற்கும் இதற்கும் என்ன? என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் வேலை செய்யுமா, செய்யாதா?

பதினாலாம் ஸ்பேனர்:
மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

நடுத்தெரு காக்கா, பெட்ரோல் எடுங்கள். டர்போ இல்லாத சாதாரண 1.2 லிட்டர் போதும், இந்த ஓட்டத்துக்கு அதில் வம்பு குறைவு. மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தை அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடிக்கச் செலவிடுங்கள். மழை முடிந்ததும் அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

நடுத்தெரு வாசி:
பெட்ரோலில் ஏசி போட்டால் இழுவை இருக்குமா? மச்சான் டீசல்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான்.

வேதாளை டீசல்:
மச்சான் விவரம் தெரிந்தவர். இந்த ஞாயிறு நான் பாலம் வரை போய் வந்து கம்பியைப் படம் எடுத்துப் போடுகிறேன். அப்போது பேசுவோம்.

பதினாலாம் ஸ்பேனர்:
போடுங்கள். ஆனால் கிளம்புவதற்கு முன்னாடியும் ஒரு படம் வேண்டும். காலையில், சமமான தரையில், கம்பியைத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். திரும்பி வந்ததும் அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து, அதே இடத்தில் இன்னொன்று எடுங்கள்.